பிரெஞ்சின் ‘ஒன்’ தமிழில் எங்கே இடறுகிறது: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

```
On a arrêté mon voisin.
```

இதை ‘நாம் என் பக்கத்து வீட்டுக்காரரைக் கைது செய்தோம்’ என்று எழுதினால், பேசுகிறவர் போலீஸ்காரர் ஆகிவிடுகிறார். மூலத்தில் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் மட்டும்தான். வாக்கியத்தின் முதல் சொல்லான ‘ஒன்’ என்பதுதான் இந்தக் குழப்பத்தைச் செய்தது. பள்ளிப் பாடத்தில் ‘ஒன் என்றால் நாம்’ என்று படித்திருப்போம். பேச்சு பிரெஞ்சில் பெரும்பாலும் அது சரியும்கூட. எழுவாய் இடத்தில் ‘நூ’ என்ற முறையான ‘நாம்’ வரவேண்டிய இடத்தையெல்லாம் அன்றாடப் பேச்சில் ‘ஒன்’ கிட்டத்தட்டப் பிடித்துக்கொண்டது. ஆனால் சொல்லின் பழைய வேலை வேறு. இலத்தீனில் மனிதனைக் குறிக்கும் ‘ஹோமோ’ என்பதிலிருந்து வந்தது அது. ‘ஒரு மனிதர், யாரோ, மக்கள்’ என்ற அந்தப் பழைய பொருளும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

பிரெஞ்சில் இதனால் தொல்லை இல்லை. எந்தப் பொருளில் வந்தாலும் வினை படர்க்கை ஒருமைதான். யார் என்று முடிவு செய்யாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். தமிழ் வினை அப்படி விடாது. ‘ஓம்’ என்று முடிப்பதா, ‘ஆர்கள்’ என்று முடிப்பதா, ‘ஈர்கள்’ என்று முடிப்பதா என்று கடைசி எழுத்தில் கேட்டுவிடும். ‘ஓம்’ என்றாலும் நாமா, நாங்களா என்று இன்னொரு கேள்வி பாக்கி இருக்கும். ஆக, ஒவ்வொரு ‘ஒன்’னிலும் கேட்க வேண்டியவை இரண்டு: பேசுகிறவர் இதற்குள் இருக்கிறாரா? கேட்கிறவர் இதற்குள் இருக்கிறாரா?

மொழிபெயர்க்கும்போதே எல்லாவற்றையும் சரியாகப் பிடிப்பது கஷ்டம். அதனால் முதல் வரைவை முடித்துவிட்டு, பிரெஞ்சை மூடி வைத்து, தமிழை மட்டும் வாசித்துப் பாருங்கள். கீழே சொல்லும் அறிகுறிகளில் ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்துக்கு மட்டும் மூலத்தைத் திறந்தால் போதும்.

அறிகுறி: பேசுகிறவர் தான் செய்யாத வேலையைச் செய்தவராகத் தெரிகிறார்

முதலில் பார்த்த கைது வாக்கியம் இந்த வகை. வரைவு முழுக்க ‘நாம்’ நிறைந்திருந்தால் இது எங்கேயாவது நிச்சயம் ஒளிந்திருக்கும். மூலத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, ‘ஒன்’னுக்குப் பக்கத்தில் ‘நூ’ செயப்படுபொருளாக நிற்கிறதா என்பது.

```
On nous attend.
On se voit demain ?
```

முதல் வாக்கியத்தில் காத்திருப்பது ‘ஒன்’, யாருக்காகக் காத்திருக்கிறார்களோ அவர்கள் ‘நூ’. இரண்டும் ஒரே ஆட்களாக இருக்க முடியாது. ‘ஒன்’ தன்னைத்தானே, அல்லது ஒருவரையொருவர், ஏதாவது செய்தால் அங்கே ‘செ’ என்ற சொல்தான் வரும், இரண்டாம் வாக்கியத்தில் வந்திருப்பதுபோல. எனவே முதலாவது ‘நமக்காகக் காத்திருக்கிறார்கள்’. இரண்டாவது ‘நாளைக்குப் பார்க்கலாமா?’ இந்தச் சோதனை தவறுவதில்லை. ‘எனக்கு’ என்ற பொருளில் ‘ம’ வந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்:

```
On m'a volé mon vélo.
```

தன் சைக்கிளைத் தானே சேர்ந்து யாரும் திருடுவதில்லை.

மாற்றாக என்ன எழுதுவது? தமிழில் இதற்கென்றே ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். எழுவாயே போடாமல் ‘ஆர்கள்’ என்று முடித்துவிடலாம்: ‘பக்கத்து வீட்டுக்காரரைக் கைது செய்துவிட்டார்கள்.’ யார் என்று சொல்லவில்லை, ஆனாலும் குறை தெரியவில்லை. கைது செய்கிறவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். சொன்னவரும் கேட்டவரும் அதில் இல்லை என்பதும் தெளிவு. ‘ஒன்’னின் படர்க்கைப் பொருள் அப்படியே இதுதான். இங்கே ‘அவர்கள்’ என்ற சொல்லை எழுதிச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் வாசகர் முந்தைய பத்தியில் ‘அவர்கள்’ யார் என்று தேடப் போவார்.

இந்த வழி எல்லா இடத்திலும் ஓடாது. சூழலை வைத்து ஊகிக்கக்கூடிய ஆட்களாக இருந்தால்தான் எழுவாய் இல்லாமல் நிற்கும். கதவு தட்டும் சத்தம் கேட்கிறது, யார் என்று துப்பில்லை என்றால் ‘யாரோ’ வேண்டும்:

```
On frappe à la porte.
```

‘யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.’ வெறுமனே ‘கதவைத் தட்டுகிறார்கள்’ என்றால் எதிர்பார்த்திருந்த ஆட்கள் வந்துவிட்டதுபோல் ஒலிக்கும். பழங்காலத்தைப் பற்றிய கட்டுரை நடையில், இடமோ காலமோ ஒன்று முன்னால் நின்று பிடிமானம் கொடுத்தால் எழுவாய் தேவையில்லை; இல்லையென்றால் ‘அந்தக் காலத்து மக்கள்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அதற்கு அடுத்த வாக்கியங்களில் விட்டுவிடலாம்.

சைக்கிள் வாக்கியத்துக்கு ‘என் சைக்கிளைத் திருடிவிட்டார்கள்’ என்றும் எழுதலாம், ‘என் சைக்கிள் திருடு போய்விட்டது’ என்றும் எழுதலாம். இரண்டாவதில் ஆளே இல்லை. ஆனாலும் ‘திருடு’ என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் ஆள் இருக்கிறார், அதனால் பரவாயில்லை. இது ஏன் முக்கியம் என்பதை ‘ப்பட்டது’ பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

அறிகுறி: கேட்கிறவர் அங்கே இல்லாத ஆள், ஆனால் ‘நாம் போனோம்’ என்று இருக்கிறது

இது பிரெஞ்சுக்காரருக்கு விளங்காத பிழை, ஏனென்றால் அவர்கள் மொழியில் நாம், நாங்கள் என்ற பிரிவே இல்லை. ‘நூ’ இரண்டுக்கும் பொது, ‘ஒன்’னும் அப்படியே. ஆகவே மூல வாக்கியத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை அதில் கிடைக்காது. உரையாடலில் எதிரே இருப்பவர் யார், அவர் அந்தச் சம்பவத்தில் இருந்தாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

```
Hier, on est allés au cinéma.
Tu te souviens, quand on habitait à Lyon ?
```

முதலாவது, நடந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லும் செய்தி. கேட்கிறவர் கூட வந்திருந்தால் அதை அவருக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ‘நேற்று நாங்கள் சினிமாவுக்குப் போனோம்.’ இரண்டாவதில் ‘ஞாபகம் இருக்கா?’ என்று கேட்பதால் பெரும்பாலும் ‘நாம்’: ‘நாம் லியோனில் குடியிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா?’ பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். அப்போது அடிக்கடி வந்துபோன ஒரு நண்பரிடம் கணவனும் மனைவியும் இதைக் கேட்டால் அது ‘நாங்கள்’ ஆகிவிடும். நாவலாக இருந்தால் யார் யாரோடு எங்கே வாழ்ந்தார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதாம் பக்கத்துக் கேள்விக்கு விடை நூற்றுப் பத்தாம் பக்கத்தில் இருக்கலாம்.

தெரியவே இல்லை என்றால் தப்பிக்க ஒரு வழி உண்டு. ‘ஓம்’ என்ற விகுதி மட்டும் போதும். நாம், நாங்கள் என்ற சொல்லை எழுதாமல் விட்டுவிடலாம். ‘நேற்று சினிமாவுக்குப் போனோம்.’ இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் உடைமை வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். ‘நம் வீடு’, ‘எங்கள் வீடு’ இரண்டில் ஒன்றை எழுதத்தான் வேண்டும்.

இங்கே இன்னொரு துணைச் சான்று. முதல் வாக்கியத்தில் ‘போன’ என்ற பொருளுள்ள எச்சத்தின் கடைசியில் ஓர் ‘எஸ்’ இருக்கிறது. வினை ஒருமையாக இருந்தாலும், ‘ஒன்’ பலரைக் குறிக்கும்போது இந்தச் சொல்லில் பன்மை ஏறலாம்; அத்தனை பேரும் பெண்கள் என்றால் ‘இஎஸ்’ ஏறும். இதைக் கண்டால் ‘ஒன்’ ஒரு குறிப்பிட்ட கூட்டம் என்று தைரியமாக எழுதுங்கள். ஆனால் ‘எஸ்’ இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் அதை எழுதுவதில்லை. தவிர, ‘அவுவார்’ என்ற துணைவினையோடு வரும் ‘தூங்கினோம்’, ‘சாப்பிட்டோம்’ போன்ற வினைகளில் இந்தப் பன்மை ஏறவே வாய்ப்பில்லை.

அறிகுறி: ‘ஒருவர்... ஒருவர்...’ என்று நடை விறைத்து நிற்கிறது

‘ஒருவர் பசியாக இருக்கும்போது ஒருவர் எதையும் உண்கிறார்.’ இப்படி ஒரு வரி உங்கள் வரைவில் இருந்தால் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், தமிழ்தான் கிடைக்கவில்லை. இங்கே ‘ஒன்’ யாருக்கும் பொதுவான உண்மையைச் சொல்கிறது. பொது உண்மைக்குத் தமிழ் எழுவாய் தேடுவதில்லை. எழுவாய் வேண்டாத வினை வடிவத்தைத் தேடுகிறது.

```
Quand on a faim, on mange n'importe quoi.
```

‘பசி வந்துவிட்டால் எதையும் சாப்பிடத் தோன்றும்.’ இதில் ஒருவரும் இல்லை, நாமும் இல்லை, நீங்களும் இல்லை. ‘ஆல்’ என்ற நிபந்தனை முதல் பாதியைத் தாங்குகிறது, ‘தோன்றும்’ என்ற அஃறிணை வினை மறுபாதியைத் தாங்குகிறது. பசி, தூக்கம், கோபம், பயம் போன்றவை தமிழில் ஆளைத் தேடி வருகின்றன. ஆள் அவற்றை வைத்திருப்பதில்லை. அதனால் ஆள் மறைவது இயல்பாக நடக்கிறது.

புலன் சார்ந்த வினைகளில் இது இன்னும் அழகாக அமையும். இந்த இரண்டையும் பாருங்கள்:

```
D'ici, on entend la mer.
De la fenêtre, on voit l'église.
```

‘இங்கிருந்தே கடல் சத்தம் கேட்கும்.’ ‘ஜன்னலிலிருந்து தேவாலயம் தெரியும்.’ பிரெஞ்சில் கேட்பவரும் பார்ப்பவரும் ‘ஒன்’. தமிழில் கடலே கேட்கிறது, தேவாலயமே தெரிகிறது. ‘நாம் இங்கிருந்து கடலைக் கேட்கலாம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு வேலை செய்யும்போதுதான் இது வருகிறது என்பது என் கணிப்பு. எதையாவது ஓரிடத்தில் ‘காணலாம்’ என்று வரும் பிரெஞ்சு வாக்கியங்களுக்கு ‘இருக்கும்’, ‘கிடைக்கும்’, ‘உண்டு’ ஆகியவை போதும்.

விதி, தடை, அனுமதி சொல்லும் ‘ஒன்’னுக்கு வேண்டும், கூடாது, லாம், முடியும் என்ற நால்வரும் இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் திணை, பால், இடம் காட்டுவதில்லை.

```
On ne fume pas ici.
```

பிரெஞ்சில் இது வெறும் நிகழ்கால எதிர்மறை. ஆனால் வேலை தடை விதிப்பது. ‘இங்கே புகைபிடிப்பதில்லை’ என்றால் தகவல் ஆகிவிடும். ‘இங்கே புகைபிடிக்கக் கூடாது’ என்பதுதான் சரி. ‘இப்படிச் செய்வது வழக்கம்’ என்ற பொருளில் வரும்போது ‘வழக்கம்’, ‘பழக்கம்’ என்று பெயரிலேயே முடித்துவிடலாம். இது ஒரு பெரிய சிக்கலையும் தீர்க்கும்:

```
En Espagne, on dîne tard.
```

ஸ்பெயின்காரர் சொல்கிறாரா, பயணம் போய்வந்தவர் சொல்கிறாரா? முதலாமவர் என்றால் ‘சாப்பிடுவோம்’, இரண்டாமவர் என்றால் ‘சாப்பிடுவார்கள்’. யார் பேசுவது என்று தெரிந்தால் தெரிந்தபடி எழுதுங்கள். பயணக் கையேடு போன்ற குரலற்ற எழுத்து என்றால், ‘ஸ்பெயினில் இரவுச் சாப்பாடு நேரங்கழித்துத்தான்.’ வினையே இல்லாததால் விகுதிக் கேள்வியும் எழவில்லை.

அப்படியானால் பொது உண்மைக்கு ‘நாம்’ எழுதவே கூடாதா? எழுதலாம், கட்டுரையில் நன்றாகவே இருக்கும். அந்த உண்மை எழுதியவருக்கும் வாசகருக்கும் நிஜமாகவே பொருந்த வேண்டும், அவ்வளவுதான். ‘வயதாக ஆக நாம் பழையதை நினைத்துக்கொள்கிறோம்’ சரி. ‘சிறைக்குப் போனால் நாம் நண்பர்களை இழக்கிறோம்’ என்பது வாசகரைச் சிறைக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே ‘சிறைக்குப் போனவருக்கு நண்பர்கள் மிஞ்சுவதில்லை’ என்று ‘போனவர்’ என்ற வினையாலணையும் பெயரை வைத்துவிடலாம். ‘ஒருவர்’ செய்ய முயன்று தோற்கும் வேலையை இந்த வடிவம் சிரமமில்லாமல் செய்யும்.

பொது ‘ஒன்’னைக் குறிப்பிட்ட ‘ஒன்’னிலிருந்து பிரித்தறிய மூலத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று உடைமைச் சொல்: பொது ‘ஒன்’ என்றால் ‘தன்’ என்ற பொருளுடைய சோன், சா, சே வரும், ‘நாம்’ என்றால் நோத்ர், நோ வரும். ‘தன் வீட்டில்’ என்பதற்கு ‘ஷே சுவா’, ‘எங்கள் வீட்டில்’ என்பதற்கு ‘ஷே நூ’ என்று வருவதும் இதே பிரிவுதான். இன்னொன்று காலம்: பிரதான வாக்கியம் நிகழ்காலத்தில் இருந்து, நேற்று, அன்று போன்ற நேரச் சொல் எதுவும் இல்லையென்றால் பொதுப் பொருள் பக்கம்தான் சாய்கிறது.

அறிகுறி: பொதுப் பேச்சின் நடுவில் திடீரென்று ‘உங்களை’ முளைக்கிறது

```
Quand on est pauvre, les gens vous évitent.
```

‘ஏழையாக இருந்தால் ஜனங்கள் உங்களை ஒதுக்குவார்கள்’ என்று வரைவில் இருக்கும். வாசகர், ‘என்னையா?’ என்று நிமிர்ந்து பார்ப்பார். இதற்குக் காரணம் இலக்கணம்தான்: ‘ஒன்’ எழுவாயாக மட்டுமே வரமுடியும். அதற்குச் செயப்படுபொருள் வடிவம் கிடையாது. தேவைப்படும்போது பிரெஞ்சு ‘வூ’வைக் கடன் வாங்குகிறது, நெருக்கமான பேச்சில் ‘நீ’யின் வடிவத்தையும் வாங்கும். ஆக இந்த ‘வூ’ எதிரே இருப்பவர் அல்ல. அதே பொது ‘ஒன்’ வேறு உடையில் வந்திருக்கிறது. இரண்டு பாதியையும் ஒரே ஆளாகக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்: ‘ஏழை என்றால் எல்லாரும் ஒதுங்கிப் போய்விடுவார்கள்.’ பேச்சு நடையில் ‘கையில் காசில்லாவிட்டால் யாரும் கிட்டே வரமாட்டார்கள்.’ உரையாடலில் ‘உங்களை’ வைத்தாலும் சில சமயம் பொருந்தும், ஏனென்றால் நாமும் பேச்சில் ‘நீங்க போய்க் கேட்டீங்கன்னா ஒண்ணும் நடக்காது’ என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் அப்போது முதல் பாதியும் ‘நீங்கள்’ ஆக வேண்டும். பாதி வழியில் ஆள் மாறக் கூடாது.

அறிகுறி: எங்கு பார்த்தாலும் ‘ப்பட்டது’

‘ஒன்’னைக் கண்டதும் செயப்பாட்டுவினைக்குத் தாவும் பழக்கம் அலுவலக மொழியில் பயின்றவர்களுக்கு உண்டு. பாலம் ‘கட்டப்படுகிறது’, பாட்டு ‘பாடப்படுகிறது’, கதவு ‘தட்டப்படுகிறது’. செய்தி, அறிக்கை ஆகியவற்றில் முதலாவது நிற்கும். கதைக்குள், அதுவும் பேச்சில், மூன்றுமே செத்த நடை. ‘பாலம் கட்டுகிறார்கள்’ என்று திருத்தினால் முடிந்தது.

இதைத் திருத்தும்போது எதிர்ப்பக்கம் விழுந்துவிடாதீர்கள். தமிழில் உடைத்தான், உடைந்தது என்பதுபோல இணைகள் நிறைய உண்டு. ஆளை மறைக்க ‘உடைந்தது’ எளிதாகக் கைக்கு வரும். ஆனால்,

```
On a cassé la vitre.
```

இந்த வாக்கியம் ஒரு குற்றச்சாட்டு. ‘ஒன்’ எப்போதும் மனிதரைத்தான் குறிக்கும். காற்றையோ பூனையையோ குறிக்காது. தானாக உடைந்திருந்தால் பிரெஞ்சுக்காரர் கண்ணாடியையே எழுவாயாக்கி ‘செ’ சேர்த்துச் சொல்லியிருப்பார். ‘கண்ணாடி உடைந்துவிட்டது’ என்று எழுதினால் அந்தக் கை மறைந்துபோகிறது. ‘கண்ணாடியை யாரோ உடைத்திருக்கிறார்கள்’ என்று இருக்க வேண்டும். துப்பறியும் கதை என்றால் இந்த ஒரு விகுதியில் கதையே இருக்கிறது. ‘திருடு போய்விட்டது’ பரவாயில்லை என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்: திருட்டு என்றாலே மனிதர்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. எழுதியவரே ஆளை வேண்டுமென்று மறைத்திருப்பார்.

```
On a décidé de fermer l'école.
```

முடிவெடுத்தது யார்? பேசுகிற அதிகாரியா, மேலிடமா, எல்லாரும் சேர்ந்தா? அந்தப் பாத்திரம் பதில் சொல்லாமல் நழுவுகிறது. ‘பள்ளியை மூட முடிவு செய்திருக்கிறோம்’ என்று எழுதினால் நீங்கள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறீர்கள். ‘முடிவு செய்திருக்கிறார்கள்’ என்றால் விடுவித்துவிடுகிறீர்கள். ‘பள்ளியை மூடுவதென்று முடிவாகியிருக்கிறது’ என்றால் மூலத்தில் இருந்த நழுவல் அப்படியே வரும். அவர் அலுவலக மிடுக்கோடு பேசுகிறவர் என்றால் ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ என்பதுகூட இங்கே கச்சிதம். செயப்பாட்டுவினை தன் சொந்த வீட்டில் நிற்கிறது.

அறிகுறி: வாக்கியம் இலக்கணப்படி சரி, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை

இவை உறைந்த தொடர்கள். பிரித்துப் பார்த்தால் பிடிபடாது. மழைக்கு முன் பிரெஞ்சுக்காரர் சொல்லும்

```
On dirait qu'il va pleuvoir.
```

என்பதை ‘மழை வரும் என்று சொல்வார்கள்’ என்று எழுதினால் வானிலை ஆய்வு மையம் நினைவுக்கு வரும். இது ‘மழை வரும் போலிருக்கிறது.’ வெறும் ‘ஒன் தி’ என்பது வேறு: அது உண்மையிலேயே பிறர் சொல்வது. அதற்கு ‘என்கிறார்கள்’ அல்லது நம் ‘ஆம்’: ‘அவர் ஊரைவிட்டே போய்விட்டாராம்.’ ஒரு பின்னொட்டில் முழுப் பொருளும் அடங்கிவிடும். பிறர் பேச்சுக்கு அஞ்சுவதைக் குறிக்க ‘ஒன்’ சேர்ந்தே உருவான ஒரு பெயர்ச்சொல் பிரெஞ்சில் இருக்கிறது:

```
le qu'en-dira-t-on
```

இதற்கு ‘மக்கள் என்ன சொல்வார்கள்’ என்று எழுத வேண்டியதில்லை. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று நாம் சொல்லும்போது வரும் அந்த ‘நாலு பேர்’ இந்த ‘ஒன்’தான்.

எதிரே இருப்பவரையே ‘ஒன்’ என்று அழைப்பதும் உண்டு. நோயாளியிடம் செவிலியர், குழந்தையிடம் ஆசிரியர் பேசும்போது கேட்கலாம்.

```
Alors, on a bien dormi ?
On se calme !
```

‘என்ன, நல்லா தூங்கினீங்களா?’ என்பதும், ‘சரி சரி, அமைதியா இருங்க!’ என்பதும்தான் பொருள். நோயாளியைப் பார்த்து ‘நாம் நன்றாகத் தூங்கினோமா?’ என்று கேட்டால், செவிலியரும் அங்கேயே படுத்திருந்ததுபோல் ஆகிவிடும். பரிவா, அதட்டலா, குத்தலா என்பதை வினையைவிட ‘என்ன’, ‘சரி சரி’, ‘ம்ம்’ போன்ற துண்டுகள்தான் தமிழில் சுமக்கும்.

ஒரு கடிதத்தை முழுதாகத் திருத்திப் பார்ப்போம்

ஒரு பெண் தன் அம்மாவுக்கு எழுதுகிறாள். இதற்காகவே நான் எழுதிய சிறு பகுதி. ‘ஒன்’ ஏழு இடங்களில் வருகிறது.

```
Hier, on est arrivées tard à l'hôtel.
On nous a dit qu'on avait donné
notre chambre à quelqu'un d'autre.
Quand on a roulé toute la journée,
on n'a pas envie de discuter.
On a dormi dans la voiture.
Tu diras qu'on aurait dû appeler avant.
```

முதல் ‘ஒன்’னோடு ‘இஎஸ்’ பன்மை இருக்கிறது: குறிப்பிட்ட கூட்டம், எல்லாரும் பெண்கள். அம்மா கூட வரவில்லை. ஆகவே ‘நாங்கள்’. தமிழ் ‘ஓம்’ ஆண் பெண் காட்டாது, அந்தத் தகவல் இங்கே தொலைகிறது. கதைக்கு அது முக்கியம் என்றால் முன்னாலோ பின்னாலோ ‘தோழியும் நானும்’ என்று ஒரு இடத்தில் சொல்லிவிட வேண்டும். மூலத்தில் அதற்கு ஆதாரம் வேறு இடத்திலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

இரண்டாவது ‘ஒன்’னுக்குப் பக்கத்திலேயே ‘நூ’ இருக்கிறது, ‘செ’ இல்லை. எனவே ஹோட்டல்காரர்கள். மூன்றாவதும் அவர்களே. இங்கே ஒரு பொறி: அறைக்கு முன்னால் ‘நோத்ர்’ நிற்கிறது. உடைமைச் சோதனையை மட்டும் நம்பினால், ‘எங்கள் அறையை நாங்களே கொடுத்துவிட்டோம்’ என்று ஆகிவிடும். ஆனால் அதே வாக்கியத்தில் ‘நூ’ தனியாக இருப்பதால் ‘நோத்ர்’ அதைச் சார்ந்தது, ‘ஒன்’னைச் சார்ந்தது அல்ல. வாக்கியத்தில் ‘நூ’ இல்லாத இடத்தில்தான் உடைமைச் சோதனை முழு பலத்தோடு வேலை செய்யும்.

நான்காவதும் ஐந்தாவதும் வழுக்கும் இடம். ‘நாள் முழுக்க ஓட்டி’ என்பது இறந்தகாலமாகத் தெரிவதால் நேற்றைய சம்பவம் என்று தோன்றும். ஆனால் பிரதான வினையான ‘விருப்பமில்லை’ நிகழ்காலத்தில் இருக்கிறது. நேற்றைப் பற்றி என்றால் அது இறந்தகாலத்தில், ‘அவே’ என்ற வடிவத்தில் வந்திருக்கும். ஆக இது பொது உண்மை. கதையை நிறுத்திவிட்டுச் சொல்லும் நியாயம். ஆறாவது மறுபடியும் கதைக்குத் திரும்புகிறது: நாங்கள். ஏழாவது அம்மா வாயில் வைக்கும் பேச்சு, ஆனால் போன் செய்திருக்க வேண்டியவர்கள் மகளும் கூட வந்தவர்களும்தான்.

வழக்கமான முதல் வரைவு இப்படி இருக்கும்: ‘நேற்று நாம் ஹோட்டலுக்குத் தாமதமாக வந்தோம். நாம் நம் அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக நமக்குச் சொல்லப்பட்டது. ஒருவர் நாள் முழுவதும் ஓட்டும்போது ஒருவர் விவாதிக்க விரும்புவதில்லை. நாம் காரில் தூங்கினோம். நாம் முன்பே அழைத்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய்.’ மேலே சொன்ன அறிகுறிகளில் நான்கு இதில் இருக்கின்றன.

திருத்திய பிறகு: ‘நேற்று ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது. எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நாளெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்தால் சண்டை போடத் தோன்றுவதில்லை. காரிலேயே தூங்கிவிட்டோம். முன்னாடியே போன் செய்திருக்க வேண்டும் என்பாய்.’

ஏழு ‘ஒன்’களுக்கும் சேர்த்து ஒரு எழுவாய்கூட எழுதவில்லை. ‘எங்கள்’ என்ற ஒரு சொல்லும், ‘சொன்னார்கள்’, ‘தூங்கிவிட்டோம்’ என்ற இரண்டு விகுதிகளும் யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் காட்டிவிடுகின்றன. கடைசி வாக்கியத்தில் ‘நாங்கள்’ சேர்க்கலாமா என்று யோசித்தேன். ‘செய்திருக்க வேண்டும்’ இடம் காட்டாது என்பதால், போன் செய்திருக்க வேண்டியது ஹோட்டல்காரர்கள் என்றும் ஒருவர் வாசிக்க வாய்ப்புண்டு. மூலத்தில் அந்தப் பொருளும் இலக்கணப்படி சாத்தியம்தான். ஆனால் ‘நீ சொல்வாய்’ என்று அம்மாவின் கண்டிப்பை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் தொனி மகள் பக்கம் கையைக் காட்டுகிறது. ‘நாங்கள்தான் முன்னாடியே போன் செய்திருக்க வேண்டும் என்பாய்’ என்று ‘தான்’ சேர்த்து எழுதினால் சந்தேகம் போய்விடும், அம்மாவின் குரலும் கேட்கும். நான் இதையே வைத்துக்கொள்வேன்.